மூன்று பர்ச்சேஸ் ஆர்டரிலிருந்து ஆரம்பியுங்கள்

"அம்பத்தூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் ஐஎஸ்ஓ 9001 சர்வைலன்ஸ் ஆடிட். பேப்பர் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?"

ஃபைல் அடுக்குவதில் தொடங்காதீர்கள். ஆடிட்டர் பெரும்பாலும் ஏதோ ஒரு பர்ச்சேஸ் ஆர்டரை உருவி, அதன் நூலைப் பிடித்துக்கொண்டே போவார். அதை நீங்கள் முதலில் செய்து பாருங்கள். வழக்கமான ஆர்டர் ஒன்று, அவசரத்தில் போட்டது ஒன்று, வெளியே பிளேட்டிங் கொடுத்த ஜாப் வொர்க் ஒன்று போதும். அவசர ஆர்டரை விட்டுவிட வேண்டாம். படிகளைத் தாண்டிக் குதிப்பது அங்கேதான்.

பிளேட்டிங் ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். இன்டென்ட், கொட்டேஷன் ஒப்பீடு, ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என், இன்கமிங் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எல்லாம் கிடைத்துவிடும். வெண்டர் பெயர் அங்கீகரித்த பட்டியலிலும் இருக்கும். ஆனால் அவரைக் கடைசியாக மறுமதிப்பீடு செய்த தாள்? பெரும்பாலும் நூல் அறுவது இங்கேதான். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று, வெளியிலிருந்து வாங்குவதைப் பற்றிய ஐஎஸ்ஓ 9001-இன் 8.4 பிரிவு சொல்வதில்லை. மதிப்பிடும் அளவுகோலை நீங்களே வைத்து, அதன்படி செய்ததற்குப் பதிவு காட்டச் சொல்கிறது. உங்கள் புரொசீஜரில் 'வருடம் ஒருமுறை' என்று எழுதியிருந்தால், அதை வைத்தே உங்களை அளப்பார்கள்.

தாள் இல்லையென்றால் பழைய தேதி போட்டுத் தயார் செய்யாதீர்கள். ஜனவரி தேதியிட்ட தாளில் மார்ச் மாத ரிஜக்ஷன் கணக்கு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தாள் விடுபட்ட குறை, ஏமாற்று என்ற பெயரோடு முடிந்தது. இன்றைய தேதியில் மதிப்பீடு செய்து, ஏன் விடுபட்டது, இனி யார் நினைவூட்டுவார் என்று கரெக்டிவ் ஆக்ஷன் எழுதி வையுங்கள். குறை எழுதப்பட்டாலும் பேச ஒரு பதில் இருக்கும்.

இப்படிக் கிடைத்த ஒவ்வொரு தாளையும் ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றுங்கள்: என்ன ஆவணம், மூலம் எங்கே இருக்கிறது, பொறுப்பாளர், மாற்று ஆள், கடைசியாகச் சரிபார்த்த தேதி. பொறுப்பாளர் இடத்தில் 'பர்ச்சேஸ்' என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம்; ஒரு ஆளின் பெயர் வேண்டும். டைப் செய்தவர் அல்ல, அதில் இருப்பதை விளக்கவும் தப்பிருந்தால் திருத்தவும் கூடியவர். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் குவாலிட்டிக்காரர்களுடையது என்றால் அவர்களில் ஒருவர் பெயரைப் போடுங்கள். காப்பி எடுத்து உங்கள் ஃபைலில் வைக்காதீர்கள். ஆடிட் அன்று பழைய ரிவிஷனை நீட்டிவிட்டு முழிக்க நேரும்.

அப்புறம், ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்னால் பொறுப்பாளர்களை ஒதுக்கிவிட்டு மாற்று ஆட்களை மட்டும் கூப்பிட்டு, புதிதாக ஒரு ஆர்டரைக் கொடுத்துத் தாள்களைக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் மேஜைக்கு வராத தாள்தான் மீதி நாட்களுக்கு உங்கள் வேலை.