செங்கன்னூர் டிக்கட்: எத்தனை மணிக்கு ரத்தானது?

ஐயா, நாங்கள் ஆறு சாமிமார் சபரிமலைக்குப் போக நவம்பர் 30 இரவு 7.30க்கு சென்னை சென்ட்ரலிலிருந்து செங்கன்னூருக்கு மூன்றடுக்கு ஏ.சி. டிக்கட் எடுத்தோம். ஒக்டோபர் 10ஆம் திகதி மட்டக்களப்பில் ஒரு ஏஜென்டிடம் 29,400 ரூபாய் காசாகக் கொடுத்தோம். டித்வா புயலில் ஊரே தண்ணீரில் நின்றது, கொழும்புக்குப் போக வழியில்லை. 27ஆம் திகதி இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில், "தம்பி, ரோட்டெல்லாம் தண்ணி. வரக் கிடைக்காது போல. டிக்கட்டப் பாத்துச் செய்யுங்க" என்று போட்டேன். "சரி அண்ணன்" என்று பதில் வந்தது. இப்போது கேட்டால், "ரயில்வே இன்னும் திருப்பித் தரல்ல, மூணு மாசம் ஆகும்" என்கிறார். விரதம் இருந்த எங்களை ஏமாற்றிவிட்டார். முழுக் காசும், மன உளைச்சலுக்கு நட்டஈடும் கேட்டு வழக்குப் போடலாமா?
— களுவாஞ்சிகுடி வாசகர்

முழுக் காசு கிடைக்காது. ரயில்வே தானாக ஒரு ரயிலை ரத்துச் செய்தாலோ, ரயில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறாமல் விட்டாலோதான் கட்டணம் முழுதும் திரும்பும். உங்கள் ரயில் ரத்தானதாகவோ தாமதமானதாகவோ நீங்கள் எழுதவில்லை. உங்களால் போக முடியாமல் போனதற்கு இந்திய ரயில்வே பொறுப்பில்லை, அது புயலானாலும் சரி. விரதம், மன உளைச்சல் இரண்டையும் மனுவில் எழுதாதீர்கள்.

சட்டப்படி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த டிக்கட்டை யாராவது ரத்துச் செய்தார்களா, செய்திருந்தால் எத்தனை மணிக்கு? நீங்கள் ஏஜென்டிடம் சொன்ன நேரத்தை ரயில்வே பார்க்காது. கணினியில் ரத்துப் பதிவான நேரத்தைத்தான் பார்க்கும்.

உங்கள் பயண நாளில் இருந்த விதிப்படி, உறுதியான மூன்றடுக்கு ஏ.சி. டிக்கட்டை ரயில் புறப்பட 48 மணித்தியாலத்துக்கு முன் ரத்துச் செய்தால் ஒருவருக்கு 180 இந்திய ரூபாய் மட்டும் பிடிப்பார்கள். 48க்கும் 12க்கும் இடையில் என்றால் கட்டணத்தில் கால்வாசி போகும். 12க்கும் 4க்கும் இடையில் பாதி போகும். அதற்குப் பிறகு ஒன்றும் திரும்பாது. ஒரு டிக்கட் 1,100 இந்திய ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஆறு பேருக்கு 6,600. நீங்கள் செய்தி போட்டது ரயிலுக்கு எழுபது மணித்தியாலத்துக்கு முன். அன்றிரவோ அடுத்த நாள் மாலை 7.30க்கு முன்போ அவர் ரத்துச் செய்திருந்தால், 1,080உம் அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய், சுமார் 5,466 திரும்பியிருக்கும். 29ஆம் திகதி பிற்பகல் வரை விட்டிருந்தால் சுமார் 4,867. ரத்தே செய்யாமல் விட்டிருந்தால் சுழியம்.

இந்த மூன்றில் எது நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அவரும் சொல்ல மாட்டார். என்னிடம் வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏஜென்ட் "வரும், வரும்" என்கிறார், இவர்கள் காத்திருக்கிறார்கள். ஒன்லைனில் எடுத்த டிக்கட்டை ரத்துச் செய்தால், காசு எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடும். மாதக் கணக்கில் இழுப்பது டி.டி.ஆர். என்ற கோரிக்கை போட்டால்தான். அது ரயில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாமதம், ஏ.சி. வேலை செய்யவில்லை என்பது போன்றவற்றுக்கு. உங்கள் பக்கத்துக் காரணத்தால் ஏறாமல் விட்ட உறுதி டிக்கட்டுக்கு டி.டி.ஆர். போட்டு மூன்று மாதம் இருந்தாலும் ஒன்றும் வராது. கல்முனையிலிருந்து ஒரு குடும்பம் இப்படித்தான் காத்திருந்து, பாவனையாளர் அதிகார சபைக்குப் போகும் காலமும் கடந்த பிறகு என்னிடம் வந்தது. அவர்களுக்குச் செய்ய எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகவே இன்றே அவரிடம் கேட்க வேண்டியது காசு அல்ல, டிக்கட்டை ரத்துச் செய்த விவரத் தாள். அதில் ரத்தான நேரம், பிடித்த தொகை, திருப்பிய தொகை எல்லாம் இருக்கும். பயணம் முடிந்து சில நாளில் பி.என்.ஆர். விவரம் தேடுதலில் மறைந்துவிடும், அதனால் நீங்களாகப் பார்க்க நம்பியிருக்க வேண்டாம். தாள் தர மறுத்தால், மறுத்ததையே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

அப்புறம், உங்களிடம் உள்ள டிக்கட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். இந்திய ரயில்வேயின் ஒன்லைன் டிக்கட் நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.யின் முறையான ஏஜென்ட் எடுத்திருந்தால் அவர் பெயரும் விலாசமும் இருக்கும். அப்படிப்பட்டவர் ரத்துச் செய்யும்போது, முன்பதிவில் கொடுத்த கைத்தொலைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி.யும் திரும்பும் தொகை எவ்வளவு என்பதும் செய்தியாக வரும். உங்கள் எண்ணை அவர் கொடுத்திருந்தால் உங்களுக்கே வந்திருக்கும். சென்னையிலுள்ள இடைத்தரகரின் எண் என்றால் காசு வந்து போனதுகூட உங்களுக்குத் தெரியாது. தனிநபர் கணக்கில் எடுத்தது, விற்பது குற்றம் என்று இந்திய ரயில்வேச் சட்டம் 143ஆம் பிரிவைக் காட்டி ஒரு வரி இருந்தால், காசு அந்தத் தனிநபரிடம்தான் திரும்பியிருக்கும். அந்த வரியை உங்கள் ஏஜென்டுக்குக் காட்டுங்கள். பேச்சு மாறும்.

உங்கள் பலவீனம் அந்தச் செய்திதான். "கென்சல் பண்ணுங்க" என்று நீங்கள் எழுதவில்லை. "பாத்துச் செய்யுங்க" என்றால் காத்திருக்கச் சொன்னதாக நினைத்தேன் என்று அவர் வாதாடலாம். அவருடைய "சரி அண்ணன்" உங்களைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது, ஆனால் முழுதாக அல்ல. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், திகதியும் நேரமும் தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

வழக்கு என்றீர்கள். பொலிஸில் மோசடி என்று போட்டால் நிற்காது, அவர் உண்மையாகவே டிக்கட் எடுத்துத் தந்திருக்கிறார். நீதிமன்றம் இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லும், அங்கே சட்டத்தரணியை அழைத்துப் போகவும் முடியாது. மிஞ்சுவது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சண்டை வரும், அதனால் காசு கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். ஜனவரி 10க்குள் முறைப்பாடு கையளிக்கப்பட்டிருக்க வேண்டும்.

என் யோசனை, இணங்கிப் போங்கள். 5,466 இந்திய ரூபாய்க்கு அன்றைய வங்கி விலையில் இலங்கைக் காசு கேளுங்கள். 29,400இல் மீதி அவருடைய கூலியும் நாணய மாற்றும், அதை விட்டுவிடுங்கள். கொஞ்சம் குறைத்துத் தந்தாலும் வாங்குங்கள். ஆனால் "அடுத்த வருசம் மாலை போடும்போது கழிச்சுத் தாறன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஜனவரி 10 கடந்ததும் அந்த வாக்குக்குப் பின்னால் எதுவும் இராது. தவணையில் தருகிறேன் என்றால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டே தவணை வாங்குங்கள். முழுதும் பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தைக் கடைசி ரூபாய் கைக்கு வந்த பிறகு போடுங்கள்.