தமிழ் மின்னஞ்சலைப் பின்னிருந்து படித்துத் திருத்துவது பயன் தருமா?

கேள்வி: மின்னஞ்சலை அனுப்பும் முன் பின்னிருந்து முன்னாகப் படி, வாய்விட்டுப் படி, எழுத்துருவை மாற்றிப் படி என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தமிழில் எழுதும் அலுவல் கடிதங்களுக்கு இவை உண்மையிலேயே உதவுமா? எதை எப்போது செய்வது?

பதில்:

உதவும். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒவ்வொன்றும் ஒருவகைப் பிழையைப் பிடித்து வேறொரு வகையைத் தவறவிடும் என்பதால், எது எதைத் தவறவிடும் என்று தெரிந்து வைத்திருப்பதே முக்கியம். நான் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு விவசாயிகள் குழுவின் அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். விதைக்கும் உரத்துக்கும் நெல் விற்பனைக்கும் எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் தமிழில், மின்னஞ்சலாகவே போகின்றன. அத்தகைய வரைவு ஒன்றை எடுத்துக்கொண்டு விளக்கினால் எளிதாக இருக்கும். கீழே இருப்பதை முதலில் வழக்கம்போல் ஒருமுறை படித்துவிடுங்கள்.

> எங்கள் குழுவின் உறுப்பினர்கள் வரும் தாளடிப் பருவத்தில் 30 ஏக்கரில் ஏடிடி 36 ரகத்தை நடவு செய்ய உள்ளனர். இதற்கு சான்று பெற்ற விதை 480 கிலோ தேவைப்படுகிறது. சென்ற ஆண்டு தாங்கள் அனுப்பிய மூட்டைகளில் சில, வண்டிக்குள் மழைநீர் இறங்கியதால் கரை படிந்து ஈரமாக இருந்தது. ஆகவே இம்முறை நாற்றங்கால் பனிகள் தொடங்கும் முன், செப்டம்பா் 10ஆம் தேதிக்குள் விதையை அனுப்பி வைக்க வேண்டும் என்று என்று கேட்டுக்கொள்கிறோம்.

இதில் ஏழு பிழைகள் உள்ளன. எழுதியவருக்குத் தாம் சொல்ல வந்தது முன்பே தெரியும் என்பதால், அவருடைய கண் ஒவ்வொரு எழுத்திலும் நிற்பதில்லை. சொல்லின் தோற்றத்தைப் பார்த்ததும் மீதியை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. மூன்று முறைகளும் இந்த நிரப்புதலைத்தான் தடுக்கின்றன.

முதலில் வாய்விட்டுப் படிப்பதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. வாக்கியம் மூச்சு முட்டும் அளவுக்கு நீண்டிருந்தாலோ, ஒரு சொல் விடுபட்டிருந்தாலோ நாக்கு அங்கே இடறும். அப்படி இடறிய வாக்கியத்தைப் பெரும்பாலும் மாற்றியே எழுத வேண்டியிருக்கும். எழுத்துப் பிழைகளை முதலில் திருத்திவிட்டுப் பிறகு வாக்கியத்தையே மாற்றினால், செய்த வேலை வீணாகும். உதடு மட்டும் அசையப் படிப்பது போதாது, குரல் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் விரலையோ சுட்டியையோ வைத்து நகர வேண்டும். அப்படிப் படித்தால் மேலே உள்ள வரைவில் “என்று என்று” உடனே காதில் விழும்.

ஆனால் தமிழில் வாய்விட்டுப் படிப்பதற்குப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ர’வும் ‘ற’வும் காதுக்கு வேறுபடுவதில்லை, பலருடைய வாயில் ‘ன’வும் ‘ண’வும்கூட ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆகவே “கரை படிந்து” என்று எழுதியிருப்பதைக் குரல் உயர்த்தி எத்தனை முறை படித்தாலும் “கறை படிந்து” என்றே கேட்கும். “நாற்றங்கால் பனிகள்” என்பதும் அப்படியே. இவை இரண்டும் அகராதியில் உள்ள நல்ல சொற்கள் என்பதால், கணினியின் எழுத்துப் பிழை திருத்தியும் அடிக்கோடு இடாது.

இன்னொன்றும் காதை ஏமாற்றும். பேச்சில் நாம் “மூட்டையெல்லாம் நனைஞ்சிருந்தது” என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தால் “மூட்டைகளில் சில … ஈரமாக இருந்தது” என்பது வாய்விட்டுப் படிக்கும்போது இயல்பாகவே ஒலிக்கிறது. “இருந்தன” என்று வர வேண்டும் என்பது உறைப்பதில்லை.

இந்த இரண்டு குறைகளையும் பின்னிருந்து படிப்பது ஈடுசெய்கிறது. ஆனால் அதை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும், இரண்டுக்கும் பயன் வேறு.

ஒன்று, சொல் சொல்லாகப் பின்னோக்கிப் போவது. கடைசிச் சொல்லில் தொடங்கி, “கேட்டுக்கொள்கிறோம்”, “என்று”, “என்று”, “வேண்டும்”, “வைக்க” என்று ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திப் பார்க்கிறோம். வாக்கியத்தின் பொருள் கலைந்துவிடுவதால், மனம் நிரப்புவதற்கு எதுவும் இருக்காது. “பனிகள்” தனியே நிற்கும்போது மார்கழிப் பனிதான் நினைவுக்கு வரும், “கரை” தனியே நிற்கும்போது ஆற்றங்கரை நினைவுக்கு வரும். விதை பற்றிய கடிதத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடும். ‘ர, ற’, ‘ன, ண’, ‘ல, ள, ழ’ ஆகிய எழுத்துகள் வரும் சொற்களில் மட்டும் சற்று நின்றால் போதும். மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

இந்த முறை ஒற்றுப் பிழையைக் காட்டாது. “இதற்கு” சரியான சொல், “சான்று” சரியான சொல். இரண்டும் சேரும்போதுதான் “இதற்குச் சான்று” என்று ‘ச்’ மிக வேண்டும். தனித்தனியாக நிறுத்திப் படிப்பவர் இதை நிச்சயம் தவறவிடுவார். ஆகவே க, ச, த, ப ஆகிய எழுத்துகளில் தொடங்கும் சொல்லைக் கண்டால், அதற்கு முன்னால் உள்ள சொல்லையும் சேர்த்து இணையாகப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். குறிப்பாக முன்சொல் ‘ஐ’ என்றோ ‘கு’ என்றோ வேற்றுமை உருபில் முடிந்திருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வாக்கியம் வாக்கியமாகப் பின்னோக்கிப் போவது. கடைசி வாக்கியத்தை முதலில் எடுத்து, அதில் உள்ள வினைமுற்றை முதலில் பார்த்து, பிறகு அதற்குரிய எழுவாயைத் தேடிப் போவது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் நிற்பதால், நமக்கு இந்த முறை மிகவும் பொருந்துகிறது. முன்னிருந்து படித்தால், நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் எழுவாய் மறந்துவிடுகிறது. நடுவில் வந்த “வண்டிக்குள் மழைநீர் இறங்கியதால்” என்ற தொடர்தான் மனத்தில் நிற்கிறது. பின்னிருந்து “இருந்தது” என்று தொடங்கி, “எது இருந்தது?” என்று கேட்டுக்கொண்டு போனால் “மூட்டைகளில் சில” என்று விடை வரும், ‘இருந்தன’ என்று திருத்தத் தோன்றும். எழுவாயே இல்லாமல் எழுதப்பட்ட வாக்கியங்களும், “தாங்கள்” என்று தொடங்கி “அனுப்பினீர்” என்று முடியும் மரியாதைக் குறைவும் இந்தத் தேடலில்தான் அகப்படும்.

எழுத்துருவை மாற்றுவதன் பயனைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். புதிய எழுத்துருவில் எழுத்துகளின் அகலம் மாறுவதால் வரிகள் முறியும் இடமும் மாறுகிறது. ஒரு “என்று” வரியின் கடைசியிலும் மற்றொன்று அடுத்த வரியின் தொடக்கத்திலும் ஒளிந்திருந்தால், மாற்றியவுடன் இரண்டும் பக்கத்தில் வந்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் தமிழுக்கே உரிய பயன் வேறொன்று. வரைவில் உள்ள “செப்டம்பா்” என்பதை நன்றாகப் பாருங்கள். அதன் கடைசியில் இருப்பது ‘ர’ அல்ல, துணைக்கால். அதன்மேல் புள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பழைய தட்டச்சுப் பொறி முறையில் பழகியவர்கள் துணைக்காலையும் புள்ளியையும் அடித்தே ‘ர்’ எழுதுவார்கள். தாளில் அதனால் கெடுதல் இல்லை. கணினியிலோ அவை வேறு வேறு குறிகள். பெறுபவர் தம் அஞ்சல்பெட்டியில் “செப்டம்பர்” என்று தேடினால் இந்தக் கடிதம் கிடைக்காமல் போகலாம், சில கருவிகளில் துணைக்காலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் தோன்றும்.

சில எழுத்துருக்களில் ‘ர’வின் கால் அடியில் சற்றுச் சாய்ந்து இறங்கும், துணைக்கால் நேராக நிற்கும்; வேறு சிலவற்றில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் ஒன்றில் மறைந்திருந்தது மற்றொன்றில் வெளிப்படுகிறது. விண்டோஸ் கணினியில் Nirmala UI எழுத்துருவில் எழுதியிருந்தால் Latha எழுத்துருவுக்கு மாற்றிப் பார்க்கலாம், அல்லது Noto Serif Tamil போன்று தடிப்பும் மெலிவும் உள்ள ஒன்றைப் பயன்படுத்தலாம். ஐயம் தீரவில்லை என்றால், Ctrl+F அழுத்தி, துணைக்காலும் புள்ளியும் சேர்ந்த கீழ்க்கண்ட குறியைத் தேடினால் இருக்கும் இடமெல்லாம் காட்டும்.

```
ா்
```

எழுத்துருவை மாற்றுவதற்கு, வரைவைப் படியெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டி, அங்கே எழுத்தின் அளவையும் பெரிதாக்கிப் படியுங்கள். திருத்தங்களை மட்டும் மின்னஞ்சலில் உள்ள மூல வரைவில் செய்யுங்கள். கோப்பிலிருந்து திரும்ப எடுத்து ஒட்டினால் அந்த எழுத்துருவும் அளவும் கூடவே வந்து, கடிதத்தில் ஒரு பத்தி பெரிதும் ஒரு பத்தி சிறிதுமாகப் போய்விடும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் Ctrl+Shift+V பல இடங்களில் வடிவமைப்பு இல்லாமல் ஒட்டும். பின்னிருந்து படிப்பதையும் இந்த மாற்றிய எழுத்துருவிலேயே செய்துவிட்டால், இரண்டு வேலையும் ஒரே மூச்சில் முடியும்.

ஆறு பிழைகள் ஆயின. ஏழாவதை இந்த மூன்று முறைகளில் எதுவும் காட்டாது. குழுவினர் கேட்டது ஏடிடி 39; வரைவில் இருப்பது ஏடிடி 36. இரண்டுமே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட உண்மையான ரகங்கள். முன்னது ஏறக்குறைய 120 முதல் 125 நாளில் விளையும் நடுத்தரக் கால ரகம், பின்னது 110 நாள் அளவில் விளையும் குறுகிய கால ரகம். எண்ணில் எழுத்துப் பிழை என்று ஒன்று இல்லாததால், மூலப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்கா பட்டியலைப் பார்த்து எண்களை மட்டும் உரக்கச் சொல்வார், நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். “முப்பத்தொன்பது” என்று சொல்வதோடு “மூன்று, ஒன்பது” என்று தனித்தனியாகவும் சொல்லிவிடுவார்.

பட்டியல் கையில் இல்லாத நேரத்தில், ஓர் எண்ணை மற்றோர் எண்ணோடு பொருத்திப் பார்க்கலாம். நடவுக்கு நாற்றங்கால் விடும்போது நடுத்தரக் கால ரகத்துக்கு எக்டேருக்கு 40 கிலோவும் குறுகிய கால ரகத்துக்கு 60 கிலோவும் விதை பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது ஏக்கருக்கு முறையே 16 கிலோ, 24 கிலோ. 30 ஏக்கருக்கு 480 கிலோ என்பது நடுத்தரக் கால ரகத்தின் கணக்கு. ஏடிடி 36 என்றால் 720 கிலோ கேட்டிருக்க வேண்டும். ஆகவே ரகமோ அளவோ ஏதோ ஒன்று தவறு என்பது கடிதத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது.

எல்லா மின்னஞ்சலுக்கும் இவ்வளவும் தேவையில்லை. “வந்து சேர்ந்தது, நன்றி” என்பதற்கு ஒருமுறை பார்த்தால் போதும். தொகை, தேதி, அளவு, ஆளின் பெயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ள கடிதத்துக்குத்தான் முழுவதையும் செய்கிறேன். திருத்தி முடித்த பிறகு, எந்த வாக்கியத்தில் கை வைத்தோமோ அதை மட்டும் முன்னிருந்து இன்னொரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். எழுவாயை மாற்றிவிட்டு வினைமுற்றைப் பழையபடியே விட்டுவிடுவது திருத்தும்போதுதான் நேர்கிறது. பெறுநரின் முகவரியை இவையெல்லாம் முடிந்த பிறகு நிரப்பினால், பாதித் திருத்தத்தில் கை தவறி அழுத்தினாலும் கடிதம் போகாது.