கேத்தலில் படியிற வெள்ளையும் சலூன் அலுமாரியும்

கேள்வி: கோண்டாவிலில லேடீஸ் சலூன் வச்சிருக்கிறன். ஷாம்பூ, கிரீம் எல்லாம் வாங்கி அடுக்கினன், தூசிதான் பிடிக்குது. "வாங்குங்கோ" எண்டு சொன்னா வாற ஆக்களும் அடுத்தமுறை வராமல் விட்டிடுவினமோ எண்டு பயம். எந்தப் பிராண்டை வைக்கிறது, எப்படி விக்கிறது?

பதில்: உங்களிடம் வருபவர்கள் வீட்டில் எந்தத் தண்ணியில் முழுகுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருப்பதால் பல இடங்களில் தண்ணி கடினமானது. கேத்தலின் அடியில் படியிற அந்த வெள்ளை முடியிலும் படியும். பிறகு ஷாம்பூ சரியாக நுரைக்காது, முடி சொரசொரத்துப் பளபளப்பு இல்லாமல் கிடக்கும்.

என்னிடம் ஒரு ரீச்சர் வந்து, ரீபோண்டிங் செய்து இரண்டு மாதத்தில் முடி தும்பாகிவிட்டது என்று கோபப்பட்டார். தலையில் ஒரு பாதியை வழமையான ஷாம்பூவாலும், மறுபாதியைக் கடினத் தண்ணிக்கான சீலேட்டிங் ஷாம்பூவாலும் கழுவினேன். இரண்டுக்கும் ஒரே கண்டிஷனர். காயவைத்த பின் இரண்டு பக்கத்தையும் அவரையே தடவிப் பார்க்கச் சொன்னேன். "இது தண்ணியால வாற பிரச்சினை, ரீச்சர். இதைக் கிழமைக்கு ஒருக்காப் போடுங்கோ. கடைசியா அலம்பேக்க, குடிக்க வாங்கிற ஆர்.ஓ. தண்ணியில ரெண்டு செம்பு ஊத்துங்கோ" என்றேன். ஒவ்வொரு முழுக்குக்கும் போட்டால் முடி வறளும், கலர் அடித்திருந்தால் மங்கும் என்பதையும் சொன்னேன். விலையை அவர்தான் கேட்டார். அன்று வாங்கவில்லை. பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்தமுறை துண்டோடு வந்தார்.

எனவே தலை கழுவுற பேசினில் நீங்கள் பாவிக்காத எதையும் அலுமாரியில் வைக்காதீர்கள். 250 மில்லிலீற்றர் போத்தல், ஒரு முழுக்குக்கு 15 மில்லி என்றால் 16 தடவைக்கு வரும். கிழமைக்கு ஒருக்கா என்றால் கிட்டத்தட்ட நாலு மாதம். ஒருவர் வருடத்துக்கு மூன்று போத்தல்தான் வாங்குவார், ஆகவே தொடக்கத்துக்கு ஆறு போதும். இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டுகூடப் போகவில்லை என்றால், சலூனில் வேலை செய்யிற பிள்ளைகள் அதைப் பேசினில் தொடுகிறார்களா என்று பாருங்கள்.

பிராண்ட் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஏஜென்ட் பெட்டிக் கணக்கில்தான் தருவேன் என்றால் விட்டுவிடுங்கள். திகதி முடிய முன் மாற்றித் தருவாரா என்றும் கேளுங்கள். அதே போத்தல் ரவுனில் சுப்பர்மார்க்கெட்டில் கழிவுவிலையில் கிடந்தால், உங்கள் விலையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இறக்குமதியாளர் பெயரில்லாமல் வெளிநாட்டுப் பெட்டிக்குள் வந்த சாமான் வேண்டவே வேண்டாம். உள்ளடக்கம் எழுதாத வெள்ளையாக்கும் கிரீம் அதைவிட மோசம். இந்த வகைக் கிரீம்களில் பாதரசம் சேர்ப்பது உலகம் முழுக்க அறிந்த மோசடி.

போத்தலுக்கு இவ்வளவு என்று பிள்ளைகளுக்குக் கமிஷன் கொடுத்தால், நீங்கள் பயப்படுகிற அந்த "வாங்குங்கோ" அடுத்த நாளே தொடங்கிவிடும். அந்தக் காசைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.