பதிவிறக்கம் நிறைய, உண்மையான தொடர்புகள் குறைவு

“கணக்கு மென்பொருள் மாற்றத்துக்கு ஆலோசகராக இருக்கிறேன். என் இலவசக் கையேட்டை 300 பேர் பதிவிறக்கினார்கள். படிவத்தில் தந்த மின்னஞ்சல் முகவரிகளில் பாதி போலி, மற்றவர்கள் பதில் தருவதில்லை.”

வணக்கம். படிவத்தை நிரப்பியவுடன் அதே பக்கத்தில் கோப்பு திறந்துவிட்டால், சரியான முகவரியைத் தர எவருக்கும் காரணமில்லை. ஆகவே பதிவிறக்க இணைப்பை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பி, அதைத் திறந்தவரை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் இணைப்புகளைத் தானாகவே திறந்து பார்க்கும் என்பதால், அடுத்த பக்கத்தில் ‘உறுதிசெய்’ என்றொரு பொத்தானும் இருக்கட்டும். எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கையேட்டின் பொதுத்தன்மைதான். பொதுவான கையேடு மாணவரையும் போட்டியாளரையும் சேர்த்தே இழுக்கும். ‘மாற்றத்துக்கு முன் பழைய தரவில் சரிபார்க்க வேண்டிய 9 இடங்கள்’ என்ற ஒரு பக்கப் பட்டியலையோ, அந்த வேலையைத் தொடங்கவிருப்பவர்தான் கேட்பார். அதில் ஒரு வரி: ‘பழைய மென்பொருளின் இறுதி இருப்பும் புதியதன் தொடக்க இருப்பும், ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்கிலும் தனித்தனியே ஒத்துப்போகின்றனவா?’ மொத்தத் தொகை பொருந்தியிருந்தும் இங்கே ‘இல்லை’ என்று குறிக்க நேர்ந்தவருக்கே உங்கள் உதவி தேவை. எனவே கோப்பு அனுப்பிய மூன்றாம் நாள், ‘எந்த வரியில் நின்றுவிட்டீர்கள்?’ என்ற ஒரே கேள்வியை, விலைப்பட்டியல் எதுவும் இணைக்காமல் எழுதிக் கேளுங்கள்.