விசா தாமதம்: பல்கலைக்கழகத்திடம் எந்தத் தேதியைக் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தில் தொடக்கத் தேதி ஆகஸ்ட் 24. ஆகஸ்ட் 17க்குள் வந்து ரிப்போர்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஜூலை 21 விசா நேர்காணலில் 221(ஜி) சீட்டு கொடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்று ஆகஸ்ட் 10. இணையதளத்தில் ‘Refused’ என்றே காட்டுகிறது. அட்மிஷன் அலுவலகத்துக்கு, ‘மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், விசா தாமதமாகிறது, தயவுசெய்து சில நாட்கள் அவகாசம் தாருங்கள்’ என்று எழுதினேன். ‘எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி பதில் வந்தது. இனி எப்படி எழுதுவது? என் இடம் போய்விடுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த ‘Refused’ஐப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்திருப்பீர்கள். முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். 221(ஜி) என்பது கூடுதல் ஆவணத்துக்காகவோ கூடுதல் பரிசீலனைக்காகவோ விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருப்பது. பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதும் தூதரக இணையதளத்தில் ‘Refused’ என்றுதான் தெரியும். ஆவணம் ஏதும் கேட்டிருந்தால் அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர உங்களுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது இதை நீங்களே விளக்கிவிட வேண்டும். திரைப்பிரதியை மட்டும் அனுப்பினால், பார்ப்பவர் ‘இவருக்கு விசா மறுக்கப்பட்டுவிட்டது’ என்று முடிவு கட்டி உங்கள் கோப்பை ஓரம் வைத்துவிடலாம்.

சரி, உங்கள் கடிதத்துக்கு ஏன் அப்படியொரு பதில் வந்தது? இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, அது தவறான வாசலுக்குப் போயிருக்கிறது. அட்மிஷன் அலுவலகத்தின் வேலை இடம் கொடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஐ-20இல் உள்ள தேதியை மாற்றும் அதிகாரம் டி.எஸ்.ஓ. எனப்படும் அதிகாரிக்கு மட்டுமே உண்டு. அவர் இருப்பது சர்வதேச மாணவர் அலுவலகத்தில். உங்கள் ஐ-20இல் கையெழுத்திட்டிருப்பவரும் அவரோ அவருடைய சக அதிகாரியோதான். இரண்டாவது காரணம், உங்கள் கடிதத்தில் பணிவு இருக்கிறது, தேதி இல்லை. ‘சில நாட்கள்’ என்றால் மூன்றா, முப்பதா? மாணவர் எண் இல்லை, படிப்பின் பெயர் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் இதே கோரிக்கையோடு ஏகப்பட்ட பேர் எழுதுவார்கள். தேடிக் கண்டுபிடித்துப் பதில் சொல்ல வேண்டிய கடிதத்துக்கு அந்த ஒரு வரிதான் கிடைக்கும்.

நீங்கள் குழம்பியிருக்கும் இடம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் 17, ஆகஸ்ட் 24 இரண்டையும் ஒரே மாதிரி கெடுவாக நினைக்கிறீர்கள். 17 என்பது பெரும்பாலும் அறிமுக நிகழ்ச்சிகளுக்கான தேதி. அதைத் தவறவிட்டால் பிறகு வேறு வழியில் முடித்துக்கொள்ள ஏற்பாடு இருக்கலாம். 24 கொஞ்சம் கனமான தேதி. ஐ-20இல் இருப்பதால், வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் பதிவிலும் அது இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் நீங்கள் வந்துவிட்டதை டி.எஸ்.ஓ. செவிஸில் பதிய வேண்டும். இந்த இரண்டுக்கும் அப்பால், உங்களுக்கு யாரும் சொல்லாத மூன்றாவது தேதி ஒன்று இருக்கிறது. இதைத் தாண்டி வந்தால் இந்தப் பருவத்தில் சேர்க்க மாட்டோம் என்று பல்கலைக்கழகமோ துறையோ வைத்திருக்கும் கடைசி நாள். பாடங்களைச் சேர்க்க, விலக்க அனுமதிக்கும் காலம் பெரும்பாலும் பருவத்தின் முதல் ஓரிரு வாரங்களோடு முடிந்துவிடுவதால், இந்தக் கடைசி நாளும் அதை ஒட்டியே இருக்கும். ஆய்வகப் பாடம் உள்ள துறைகள் இன்னும் கறாராக இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது இந்த மூன்றாவது தேதியைத்தான்.

அந்தத் தேதி செப்டம்பர் 4 என்று பதில் வருவதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வர ஒன்றிரண்டு நாள், டிக்கெட் எடுத்துக் கிளம்ப ஒரு நாள், பயணம் ஒன்றரை நாள். ஐந்து நாள் என்று வையுங்கள். ஆகஸ்ட் 30க்குள் விசா முடிவாகவில்லையென்றால் இந்தப் பருவம் கைகூடாது. ஆனால் 30 வரை காத்திருந்து அதற்குப் பிறகு தள்ளிவைக்கக் கேட்கக் கூடாது. பருவத்தைத் தள்ளிவைப்பதற்குத் துறையின் ஒப்புதல் வேண்டும், பிறகு புதிய ஐ-20 வர வேண்டும். அதனால் ஆகஸ்ட் 28ஐ உங்கள் முடிவு நாளாக நீங்களே குறித்து, அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். படிக்கும் அதிகாரிக்கு, இந்த மாணவருக்கு என்ன, எப்போது செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும்.

விசா எப்போது வரும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘அடுத்த வாரம் கிடைத்துவிடும்’ என்று எழுதி, அது கிடைக்காமல் போனால், உங்கள் அடுத்த கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள். விசா கிடைத்த எத்தனை நாளில் வருவேன் என்பதை மட்டுமே உங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். அதை எழுதுங்கள்.

கீழே உள்ளதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். தலைப்பில் முழுப்பெயர், மாணவர் எண், ‘ஐ-20 தொடக்கம் ஆகஸ்ட் 24, தாமத வருகைக்கான கோரிக்கை’ என்பது போதும்.

“வணக்கம். நான் இலையுதிர் பருவத்தில் இந்த முதுகலைப் படிப்பில் சேரவிருக்கும் மாணவன். மாணவர் எண் இது, செவிஸ் எண் இது. ஜூலை 21 அன்று விசா நேர்காணல் முடிந்தது. 221(ஜி) பிரிவின்கீழ் கூடுதல் பரிசீலனையில் உள்ளது. தூதரக இணையதளம் ‘Refused’ என்று காட்டினாலும் பரிசீலனை இன்னும் முடியவில்லை. தூதரகம் கொடுத்த சீட்டை இணைத்துள்ளேன். என்னால் ஆகஸ்ட் 17க்குள் ரிப்போர்ட் செய்ய இயலாது. விசா கிடைத்த ஐந்து நாட்களுக்குள் வந்துவிடுவேன். என் துறைக்குத் தாமதமாக வர அனுமதிக்கப்படும் கடைசி நாள் எது என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாள்வரை என்னை ஏற்பீர்கள் என்றால், அதைக் குறிப்பிடும் கடிதமோ திருத்திய ஐ-20ஓ தேவை. ஆகஸ்ட் 28க்குள் விசா வராவிட்டால், சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க விரும்புகிறேன். அதற்கான படிவமும், என் துறை அடுத்த பருவத்தில் மாணவர்களைச் சேர்க்குமா என்ற விவரமும் தெரிவியுங்கள்.”

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எல்லாத் துறைகளும் ஜனவரியில் ஆள் சேர்ப்பதில்லை. அப்படி இல்லையென்றால் தள்ளிவைப்பது என்பது ஒரு முழு வருடம். நான்கு மாதம் என்று நினைத்துக் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு பன்னிரண்டு மாதம் என்று தெரியவந்தால் அதை மாற்றுவது கடினம். துறை உதவித்தொகையோ ஆய்வு உதவியாளர் வேலையோ கொடுத்திருந்தால் அது தானாகக் கூடவே தள்ளிப்போகும் என்றும் நினைக்க வேண்டாம். அதற்குத் துறையிடம் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால், சர்வதேச அலுவலகம் உதவித்தொகைப் பகுதியைக் கண்டுகொள்ளாது.

எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். விண்ணப்பித்தபோது கொடுத்த மின்னஞ்சல், அல்லது பல்கலைக்கழகம் உங்களுக்கு ஒதுக்கியது. பதற்றத்தில் அப்பாவோ ஏஜென்டோ உங்கள் சார்பில் எழுதினால், பெரும்பாலும் ‘மாணவரே தொடர்புகொள்ளட்டும்’ என்று திருப்பிவிடுவார்கள். அதில் இரண்டு நாள் போய்விடும். சர்வதேச அலுவலகத்தின் இணையதளத்தில் தாமத வருகைக்கென்று படிவம் இருந்தால் அதையும் நிரப்புங்கள். அட்மிஷன் அலுவலகம் சொன்ன ‘இணையதளத்தைப் பார்க்கவும்’ ஒருவேளை அந்தப் படிவத்தைத்தான் சொல்கிறதோ என்னவோ. மூன்று வேலை நாட்களில் பதில் வரவில்லையென்றால் புதிதாக ஒன்று எழுதாமல் அதே மின்னஞ்சலின் கீழேயே தொடருங்கள்.

பதில் வந்ததும் அது தூதரகத்துக்கும் போக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஐ-20இன் தொடக்கத் தேதி கடந்துவிட்டால், தாமதமாக வந்தாலும் இவரை ஏற்கத் தயாராக இருக்கிறோம் என்று பல்கலைக்கழகம் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் அதிகாரி விசா கொடுக்கத் தயங்குவார். 221(ஜி) சீட்டில் ஆவணங்களை எப்படி அனுப்பச் சொல்லியிருக்கிறார்களோ, அதே வழியில் அந்தக் கடிதத்தை அனுப்புங்கள். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்ட ஓர் அச்சுப்பிரதி கையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், பெட்டி வருவதற்கு முன்பே அந்த வரிசை வந்துவிடும். விசா இருக்கிறதே என்று, ஆகஸ்ட் 24க்குப் பிறகு பழைய ஐ-20ஐ மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவது சரியல்ல.

இடம் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். கெடு முடிவதற்கு முன் எழுதி, பதிலை வாங்கி வைத்தவர்களுக்கு இடம் போவது அரிது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு செப்டம்பர் நடுவில் எழுதுபவரைத்தான் ‘வரவில்லை’ என்று பதிந்து செவிஸ் பதிவை மூடுவார்கள். அப்படி மூடினால் புதிய ஐ-20, புதிய செவிஸ் எண், மறுபடி செவிஸ் கட்டணம் என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்க நேரலாம்.

தள்ளிவைத்துப் புதிய ஐ-20 வந்தால், மேலே N என்று தொடங்கும் செவிஸ் எண்ணைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே எண் என்றால் செவிஸ் கட்டணம் மறுபடி கட்ட வேண்டியதில்லை. எண் மாறியிருந்தால் டி.எஸ்.ஓ.விடம் உடனே கேளுங்கள், தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். புதிய தொடக்கத் தேதிக்கு 30 நாட்களுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது. உதாரணமாக ஜனவரி 11 என்றால், டிசம்பர் 12க்கு முன் தரையிறங்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள்.