உரம் போட்ட பிளாக்குகள் முன்பே நன்றாகக் காய்த்தவை என்றால்?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் சீட்டுக் குலுக்கிச் சில பிளாக்குகளுக்குப் புது உரம் போட்டோம். பார்த்தால் அவை முன்னாடியே நல்லா காய்த்த பிளாக்குகள். இப்போது கூடியிருக்கும் விளைச்சல் உரத்தால்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

உரம் போடுவதற்கு முந்தைய விளைச்சலையும் ரெக்ரஷனில் சேர்த்துவிடுங்கள். அன்கோவா என்பது அதுதான்.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கணக்குப் பார்த்தபோது இதே சிக்கல் வந்தது. எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். பழைய உரத்தில் ஹெக்டருக்கு முன்பு 18 டன் குலை, பின்பு 19. புது உரத்தில் முன்பு 20, பின்பு 22. மேனேஜர் பின் விளைச்சலை மட்டும் பார்த்து, உரத்தின் பலன் 3 டன் என்றார். கிராணியோ, ஒரு பக்கம் 2 கூடியது, மறுபக்கம் 1 கூடியது, ஆகவே 1 டன்தான் என்றார்.

முன்பு 1 டன் அதிகம் தந்த பிளாக், உரம் ஒன்றாகவே இருந்தாலும், பின்பு எவ்வளவு அதிகம் தரும்? இதுதான் சரிவு, b. மேனேஜர் கணக்கில் b பூஜ்யம். கிராணி கணக்கில் b ஒன்று. இருவரும் தெரியாமலே ஓர் எண்ணை ஊகித்துவிட்டார்கள். அதைத் தரவையே சொல்ல விடுவோம். R-இல் `mun` முன் விளைச்சல், `pin` பின் விளைச்சல், `uram` புது உரமென்றால் 1, பழையதென்றால் 0:

```r
lm(pin ~ mun + uram, data = d)
```

இங்கே b 0.6 என்று வந்தது. அப்படியானால் உரத்தின் பலன் 3 − 0.6 × 2 = 1.8 டன். `uram` வரியில் வரும் எண் இதுவே.

b ஏன் ஒன்றைத் தொடவில்லை? முந்தைய ஆண்டின் நல்ல விளைச்சலில் கொஞ்சம் மண்ணின் வளம், கொஞ்சம் அந்த ஆண்டின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் மறு ஆண்டு அப்படியே திரும்பாது. அதனால் முன் விளைச்சலுக்கு ஓராண்டுக் கணக்கை மட்டும் எடுக்காமல் சில ஆண்டுகளின் சராசரியை எடுங்கள்.

நீங்கள் சீட்டுக் குலுக்கியது பெரிய விஷயம். நல்ல பிளாக்காகப் பார்த்து மேனேஜரே பொறுக்கியிருந்தால், மண், வடிகால், மர வயது என்று கணக்கில் வராத வேறுபாடுகள் அந்த 1.8-க்குள் ஒளிந்திருக்கும். முன் விளைச்சலைச் சேர்ப்பதால் மட்டும் அவை போகாது.

`mun:uram` என்பதையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். இரு குழுக்களின் சரிவும் தெளிவாக வேறுபட்டால், மெலிந்த பிளாக்கில் ஒரு பலன், செழித்த பிளாக்கில் வேறு பலன் என்றாகும். ஒரே எண்ணால் சொல்ல முடியாது. ஆனால் பிளாக்குகள் குறைவாக இருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போகலாம். எண்ணோடு நிற்காமல் படம் வரைந்து பாருங்கள்.

செம்பனைக்கென்று இன்னொன்று உண்டு. பூ ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிவிடும். உரம் போட்ட மறு ஆண்டு விளைச்சலைப் 'பின்' என்று வைத்தால், உரத்தின் பலனில் பெரும்பகுதி இன்னும் குலைக்கு வந்திருக்காது.