எறும்புகள் மோதுவதையே கணக்கில் எடுக்காமல் விடை எப்படிச் சரியாக வருகிறது?

கேள்வி: ஒரு மீட்டர் குச்சியில் எறும்புகள் இஷ்டத்துக்கு இடமும் வலமுமாக நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் நடக்கின்றன. இரண்டு மோதிக்கொண்டால் இரண்டுமே உடனே திரும்பி, வந்த வழியே அதே வேகத்தில் போகும். குச்சி காலியாக அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும்? "மோதலை மறந்துவிடு, விடை 100 நொடி" என்கிறார்கள். நடக்கிற மோதலை எப்படி மறப்பது? ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே?

பதில்:

ஏமாற்று வேலை இல்லை, தோராயமும் இல்லை. 100 நொடி என்பது துல்லியமான விடை. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஏனென்றால் இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் அரைகுறையானது. "எல்லா எறும்பும் ஒரே மாதிரிதான், அதனால் திரும்பிப் போனாலும் ஊடுருவிப் போனாலும் வித்தியாசம் தெரியாது" என்பார்கள். எறும்புகள் ஒரே மாதிரி இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று இருந்தாலும் விடை மாறாது.

நான் கோலாலம்பூர் செந்தூலில் டியூஷன் எடுக்கிறேன். வகுப்பில் இதை இப்படித்தான் சொல்வேன். ஒவ்வொரு எறும்பின் வாயிலும் ஒரு சீனித் துணுக்கு இருக்கிறது. இரண்டு எறும்புகள் மோதும்போது துணுக்குகளை மாற்றிக்கொண்டு திரும்புகின்றன. இப்போது எறும்பை விட்டுவிட்டு, துணுக்கை மட்டும் பாருங்கள். வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த துணுக்கு, மோதலின்போது எதிரே வந்த எறும்பின் வாய்க்கு மாறுகிறது. அந்த எறும்பு இப்போது திரும்பி வலப்பக்கம் போகிறது. ஆக, துணுக்கு நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. அதே திசையில், அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. சுமக்கிற ஆள்தான் மாறியிருக்கிறது.

எந்த நொடியில் பார்த்தாலும் குச்சியில் இருக்கும் ஒவ்வொரு எறும்பிடமும் சரியாக ஒரு துணுக்கு உண்டு. எறும்பு இல்லாமல் துணுக்கு தனியாகக் கிடக்காது. அதனால் குச்சியில் எறும்பு இல்லை என்பதும் துணுக்கு இல்லை என்பதும் ஒன்றேதான். துணுக்கு நேராக நடந்து விழ அதிகபட்சம் 100 செ.மீ. போகவேண்டும், அதாவது 100 நொடி. இடது ஓரத்தில் வலம் பார்த்து ஒரே ஓர் எறும்பு நின்றாலும் அந்த 100 நொடி வந்துவிடும். அவ்வளவுதான் நிரூபணம்.

"மூன்று எறும்புகள் ஒரே இடத்தில் மோதினால்?" என்று உடனே கேட்பார்கள். அப்படி நடக்காது. மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரே திசை, ஒரே வேகம் என்றால் முன்னால் போவதைப் பின்னால் வருவது பிடிக்கவே முடியாது. மோதல் எப்போதும் இரண்டுக்கு இடையில்தான்.

வாயால் சொல்வதைவிட ஒரு முறை நடத்திப் பார்த்துவிடுவது நல்லது. மேசையில் மீட்டர் ரூலை வைத்து, பத்து சென் காசுகள் ஐந்தில் க, ச, ட, த, ப என்று எழுதி ஒட்டி, காசுக்கு ஒரு மாணவர் என்று உட்கார வைப்போம். ஒருவர் நொடி எண்ணுவார், எண்ணுக்கு ஒரு செ.மீ. தள்ளவேண்டும். க 12-இல் வலம் பார்த்து, ச 30-இல் வலம் பார்த்து, ட 46-இல் இடம் பார்த்து, த 70-இல் வலம் பார்த்து, ப 80-இல் இடம் பார்த்து நிற்கின்றன.

5 எண்ணும்போது த, ப இரண்டும் 75-இல் மோதித் திரும்புகின்றன. 8-இல் ச, ட இரண்டும் 38-இல். 17-இல் க, ச இரண்டும் 29-இல். 25-இல் ட, த இரண்டும் 55-இல். 30-இல் ப வலப்பக்கம் விழுகிறது. 34-இல் ச, ட இரண்டும் மறுபடியும் 46-இல் மோதுகின்றன. அதற்குப் பிறகு மோதலே இல்லை. 46-இல் க இடப்பக்கம் விழுகிறது, 70-இல் த வலப்பக்கம், 80-இல் ச இடப்பக்கம், கடைசியாக 88-இல் ட வலப்பக்கம்.

இப்போது துணுக்குக் கணக்கைப் போடுவோம். வலம் பார்த்தவை 12, 30, 70-இல் இருந்தன. அவை முனைக்குப் போக 88, 70, 30 நொடி. இடம் பார்த்தவை 46, 80-இல் இருந்தன. அவற்றுக்கு 46, 80 நொடி. வரிசையாக அடுக்கினால் 30, 46, 70, 80, 88. காசுகள் விழுந்த அதே நொடிகள். ஐந்து மோதல்களையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து வந்த கணக்கு மூன்று கழித்தலில் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு மாணவி, "சார், ட இடது பக்கம்தானே பார்த்துக்கிட்டு இருந்துச்சு? அது எப்படி வலது பக்கம் போய் விழுது?" என்று கேட்டாள். இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. துணுக்கு முறை "எப்போது, எந்தப் பக்கம், எத்தனை" என்பதைச் சொல்கிறது. "எந்த எறும்பு" என்பதைச் சொல்வதில்லை. மோதலை மறக்கும்போது நாம் விட்டுக்கொடுப்பது பெயரை மட்டும்தான். நீங்கள் கேட்ட கேள்வியில் பெயர் வரவில்லை, அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

ஆனால் பெயரையும் மீட்டுவிடலாம், இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். துணுக்குகள் ஒன்றையொன்று கடக்கும், எறும்புகளோ கடக்கவே கடக்காது. க, ச, ட, த, ப என்ற வரிசை கடைசி வரை அப்படியேதான் இருக்கும். இடம் பார்த்த துணுக்குகள் இரண்டு, ஆகவே இடப்பக்கம் விழப்போகும் எறும்புகளும் இரண்டு. அவை வரிசையில் இடக்கோடியில் உள்ள இரண்டாக மட்டுமே இருக்க முடியும்: க 46-இல், ச 80-இல். மீதி மூன்றும் வலப்பக்கம், ஓரத்தில் இருப்பது முதலில்: ப 30, த 70, ட 88. ட இடப்பக்கம் விழவேண்டுமானால் அதற்கு முன் க, ச இரண்டும் அந்தப் பக்கம் விழுந்திருக்க வேண்டும். இடப்பக்கம் போகும் துணுக்கோ மொத்தமே இரண்டு. ஓர் எறும்பு எந்தத் திசையைப் பார்த்துக் கிளம்பியது என்பது அதன் முடிவைத் தனியாகத் தீர்மானிப்பதில்லை.

மோதல்களின் எண்ணிக்கைகூட இப்படியே கிடைக்கும். வலம் பார்த்த ஒவ்வொரு துணுக்கும், தனக்கு வலப்பக்கத்தில் இருந்துகொண்டு இடம் பார்க்கும் ஒவ்வொரு துணுக்கையும் ஒரு முறை கடக்கும். 12-இல் கிளம்பியது இரண்டைக் கடக்கிறது, 30-இல் கிளம்பியதும் இரண்டு, 70-இல் கிளம்பியது ஒன்று. மொத்தம் ஐந்து.

சரி, இந்த வழி எங்கே உடையும்?

வேகம் வேறுபட்டால் உடையும். 20-இல் ஓர் எறும்பு நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் வலப்பக்கம் வருகிறது, 80-இல் இன்னொன்று நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இடப்பக்கம் வருகிறது என்று வையுங்கள். 20-ஆவது நொடியில் 40-இல் மோதுகின்றன. தத்தம் வேகத்தை வைத்துக்கொண்டே திரும்பினால், மெதுவாகப் போவது 60-ஆவது நொடியில் இடப்பக்கம் விழும், வேகமாகப் போவது 50-இல் வலப்பக்கம் விழும். மோதலை மறந்து கணக்குப் போட்டால் 80, 40 என்று வரும், இரண்டும் தவறு. காரணம், துணுக்கு கைமாறும்போது அதன் வேகமும் மாறிவிடுகிறது. மாறாக, மோதும்போது இரண்டும் வேகத்தையும் சேர்த்து மாற்றிக்கொண்டால் 80, 40 சரியாகிவிடும். சம நிறையுள்ள இரண்டு பந்துகள் ஒரே கோட்டில் மீட்சியாக மோதினால் இயற்பியலில் இதுதான் நடக்கிறது. அப்போது எத்தனை வேகங்கள் இருந்தாலும் துணுக்கு முறை செல்லும்.

திரும்புவதற்கு நேரம் எடுத்தாலும் கவனம் தேவை. ஒவ்வொரு மோதலிலும் ஒரு நொடி நின்று திரும்பினால், நம் ஐந்து காசுகளில் கடைசியாக விழுவது 88-இல் இல்லை, 90-இல். அந்தத் துணுக்கு இரண்டு முறை கைமாறுகிறது, இரண்டு நொடி தாமதம். இதுவரை சமாளிக்கலாம். ஆனால் அந்த ஒரு நொடிக்குள் மூன்றாவது எறும்பு பின்னால் வந்து முட்டிவிட்டால் முறையே போய்விடும். உடனே திரும்பும் என்று கேள்வியில் சொல்லியிருப்பது இதற்காகத்தான்.

எறும்புக்கு நீளம் இருந்தால் அவ்வளவு மோசமில்லை. உடம்பு 1 செ.மீ. நீளம், துணுக்கு உடம்பின் நடுவில், நடுப்பகுதி முனையைத் தாண்டினால் விழும் என்று வையுங்கள். இரண்டு தலைகள் முட்டும்போது நடுப்பகுதிகள் 1 செ.மீ. தள்ளி இருக்கும். ஆகவே துணுக்கு ஒவ்வொரு கைமாற்றத்திலும் 1 செ.மீ. முன்னால் தாவிவிடுகிறது. நம் கடைசித் துணுக்குக்கு இரண்டு தாவல், 88 இப்போது 86 ஆகும்.

நீளமுள்ள தண்டுகள் ஒரே கோட்டில் முட்டிக்கொள்ளும் வாயுவை டாங்ஸ் என்பவர் 1936-இல் ஆராய்ந்தார். அங்கேயும் வழி இதுதான்: நீளத்தைக் கழித்துவிட்டால் புள்ளிகள் மிஞ்சும். 1965-இல் ஜெப்சன் அந்தத் தண்டுகளில் பெயர் போட்ட ஒன்றை மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். துணுக்குகள் ஒவ்வொன்றும் மாறாத வேகத்தில் நேராக ஓடுகின்றன, போகும் தூரம் நேரத்தோடு சீராகக் கூடுகிறது. கூட்டத்தின் நடுவே இருக்கும் ஒரு தண்டோ முன்னும் பின்னும் தள்ளப்பட்டு, நீண்ட நேரத்தில் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற தூரம்தான் நகர்கிறது. வெப்பத்தால் வரும் தற்செயல் ஆட்டம் எதுவும் வெளியிலிருந்து சேர்க்கப்படவில்லை. தொடக்கத்தில் வேகங்கள் இஷ்டத்துக்கு அமைந்திருந்தால் போதும், நேராகப் போகும் துணுக்குகள், மாறாத வரிசை, இரண்டும் சேர்ந்தே இந்த மெதுவான பரவல் வந்துவிடுகிறது.